38 ஸ்லைடு டெக், ஆறு ட்ரெய்னர்: "ரோல் ப்ளே – 20 நிமிடம்" என்ற ஒரு வரியை ஃபெசிலிடேட்டர் கைடில் எப்படி எழுதுவது?

புதுப்பேனா (திங்கள்)

வணக்கம். கன்சல்டன்ட் ஒருத்தர் செஞ்சு கொடுத்த 38 ஸ்லைடு டெக் ஒண்ணு என்கிட்ட வந்திருக்கு. புதுசா டீம் லீட் ஆனவங்க ஃபீட்பேக் கொடுக்கப் பழகுறதுதான் தலைப்பு. அரை நாள் ஒர்க்‌ஷாப், 9:30ல இருந்து 1 மணி வரை, நடுவுல 15 நிமிஷம் டீ. பேட்சுக்கு 24 பேர். ஆறு ஊர்ல ஆறு ட்ரெய்னர் நடத்தப்போறாங்க. அவங்கள்ல யாரும் டெக் செஞ்சவர்கிட்ட பேசினதில்ல. அவங்க கையில கொடுக்கிற மாதிரி கைடு எழுதணும்.

டீ போக 195 நிமிஷம். அதை 38ஆல வகுத்து ஸ்லைடுக்கு 5 நிமிஷம்னு போட்டுட்டு வந்தேன். ஆக்டிவிட்டி ஸ்லைடு வந்ததும் இடிக்குது. ஸ்லைடு 22ல இருக்கிறது இவ்வளவுதான்:

"ரோல் ப்ளே – 20 நிமிடம். மூவர் குழு. ஒருவர் கொடுப்பவர், ஒருவர் பெறுபவர், ஒருவர் கவனிப்பவர். மாறி மாறிச் செய்யவும். எப்படி இருந்தது? பகிரவும்."

இதை எப்படி விரிச்சு எழுதறது? டிஸ்கஷனுக்கு எத்தனை கேள்வி வைக்கணும்?

ஸ்லைடு_சோர்ட்டர் (திங்கள்)

கையால டைப் பண்ணவே வேண்டாம். விண்டோஸ் பவர்பாயின்ட்ல `File > Export > Create Handouts` போங்க, `Notes next to slides` எடுத்தா வேர்டுல டேபிளாவே வந்துடும். இடது பக்கம் ஸ்லைடு நம்பர், நடுவுல படம், வலது பக்கம் நோட்ஸ். தலைப்பும் லோகோவும் போட்டா கைடு ரெடி. `Paste link` எடுத்தீங்கன்னா டெக்ல ஸ்லைடு மாறும்போது வேர்டுலயும் படம் மாறும்.

மைக்_டெஸ்டிங் (திங்கள்)

ட்ரெய்னர் என்ன பேசணும்னு வரிக்கு வரி எழுதிக் கொடுத்துடுங்க. ஆறு ஊர்லயும் ஒரே மாதிரி நடக்கணும்னா வேற வழியில்ல. நோட்ஸ்ல ஸ்க்ரிப்ட், ஸ்லைடுக்கு 2 நிமிஷம், 38க்கு 76 நிமிஷம், மிச்சம் ஆக்டிவிட்டிக்கு. ஆக்டிவிட்டி நேரம் எல்லாம் அந்தந்த ட்ரெய்னர் அனுபவத்தைப் பொறுத்தது, அதை எழுதி வைக்க முடியாது.

கரும்பலகை (திங்கள், இரவு)

ஸ்லைடு_சோர்ட்டர் சொன்ன வழி எலும்புக்கூடு எடுக்க உதவும். அதையே கைடு என்று கொடுத்தால் ஒரு சிக்கல் உண்டு. அந்த டேபிளில் ஒரு ஸ்லைடுக்கு ஒரு கட்டம்தான். 30 வினாடியில் தாண்டும் தலைப்பு ஸ்லைடும், அரை நாளின் கால் பங்கை எடுத்துக்கொள்ளும் ஸ்லைடு 22ம் ஒரே அளவு கட்டத்தில் நிற்கும். ட்ரெய்னர் புரட்டிப் பார்க்கும்போது இரண்டுக்கும் ஒரே எடைதான் தெரியும். அதனால் முதலில் ஸ்லைடுகளை மறந்துவிட்டு, நிகழ்ச்சியை எட்டு ஒன்பது பகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எந்த ஸ்லைடுகள் வருகின்றன என்று பிறகு நிரப்பலாம்.

மைக்_டெஸ்டிங் சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அவர் சொன்ன இடத்தில் இல்லை. கருத்து விளக்கும் ஸ்லைடுகளுக்கு ஸ்க்ரிப்ட் எழுதினால் ட்ரெய்னர் காகிதத்தைப் பார்த்து வாசிப்பார், அறை தூங்கிவிடும். அங்கே இரண்டு மூன்று குறிப்பு போதும். வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டிய இடம் ஆக்டிவிட்டி அறிவிப்பு. அதில் ஒரு சொல் மாறினால் எட்டுக் குழுவும் எட்டு விதமாகச் செய்யும். ஆக்டிவிட்டி நேரத்தை எழுத முடியாது என்பதையும் நான் ஏற்கவில்லை. பாகம் பாகமாகக் கூட்டினால் எழுத முடியும். ஸ்லைடு 22ஐயே எடுத்துக்கொள்வோம்.

24 பேர், எட்டு மூவர் குழு. மூன்று பேரும் ஒருமுறையாவது கொடுப்பவராக இருக்க வேண்டும் என்றால் மூன்று சுற்று. ஒரு சுற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சூழ்நிலை எழுதிய அட்டையைப் படித்து, என்ன சொல்வது என்று யோசிக்க 2 நிமிடம். பேச்சு 4 நிமிடம். பேசி முடித்ததும் கவனித்தவரும் பெற்றவரும் சொல்வதைக் கேட்க 4 நிமிடம். அடுத்த சுற்றுக்கு அட்டை மாற்ற 1 நிமிடம். ஆக 11. மூன்று சுற்றுக்கு 33, கடைசியில் அட்டை மாற்றும் வேலை இல்லாததால் 32. இதற்கு முன்னால் அறிவிப்புக்கு 5, குழுவாக உட்கார்ந்து அட்டை வாங்க 3. பின்னால் எல்லோரும் சேர்ந்து பேசும் டீப்ரீஃபுக்கு 12. கூட்டினால் 52.

டெக்கில் 20 என்று போட்டவர் பெரும்பாலும் பேச்சு நேரத்தை மட்டும் எண்ணியிருப்பார். மூன்று நான்கு 12, மேலே கொஞ்சம் சேர்த்து 20. அட்டை படிப்பதும் நாற்காலி நகர்வதும் ஸ்லைடில் தெரியாது.

உட்காரும் முறையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மேசைக்கு நான்கு பேர் என்று ஆறு மேசை போட்டிருந்தால், மூவர் குழுவுக்காக எல்லோரும் எழுந்து இடம் மாற வேண்டும். அந்த 3 நிமிடம் 7 ஆகிவிடும். காலையிலேயே மேசைக்கு ஆறு பேர், நான்கு மேசை என்று போட்டால் ஒரு மேசையில் இரண்டு குழு, யாரும் எழவே வேண்டாம். கைடின் முதல் பக்கத்தில், அறை ஏற்பாடு என்ற இடத்தில் இது இருக்க வேண்டும். ட்ரெய்னர் ஸ்லைடு 22க்கு வந்த பிறகு படித்தால் பயனில்லை.

புதுப்பேனா (செவ்வாய்)

நன்றி கரும்பலகை சார். பாகமா பிரிச்சதும் எனக்கே தெளிவாத் தெரியுது. ஆனா 52க்கு எங்க போறது? கன்சல்டன்ட் 20 நிமிஷம் போதும்னு சொல்றார். ஸ்லைடு எதையும் எடுக்கவும் அவர் சம்மதிக்கல.

கரும்பலகை (செவ்வாய்)

எடுக்க வேண்டாம், மறைத்து வையுங்கள். ஸ்லைடு மேல் வலது கிளிக் செய்து `Hide Slide`. கோப்பில் இருக்கும், திரையில் வராது. யாராவது கேட்டால் ட்ரெய்னர் எடுத்துக் காட்டலாம். கன்சல்டன்டிடம் "இது தேவையில்லை" என்று சொல்வதை விட "இது மறைவில் இருக்கிறது" என்று சொன்னால் பேச்சு சுலபமாக முடியும். எதை மறைப்பது என்பதற்கு ஒரு கேள்வி போதும்: இந்த ஸ்லைடு இல்லாவிட்டால் பின்னால் வரும் எந்த ஆக்டிவிட்டி நின்றுபோகும்? எதுவும் நிற்காது என்றால் மறைத்துவிடலாம்.

210 நிமிடத்தை நான் இப்படிப் போடுவேன். தொடக்கமும் அறிமுகமும் 20. ஃபீட்பேக் ஏன் சொதப்புகிறது என்ற மேசைப் பேச்சு 25. சூழல், நடத்தை, தாக்கம் என்ற மூன்று பகுதி முறை, கூடவே வாக்கியச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கும் பயிற்சி 30. தங்கள் டீமில் நடந்த ஒன்றை அந்த முறையில் எழுதிப் பார்ப்பது 10. டீ 15. மூவர் குழு 52. எதிர்ப்பு வந்தால் என்ன செய்வது 28. அவரவர் திட்டம் 20. படிவமும் முடிவும் 10.

கைடில் 11:10 என்று கடிகார நேரம் போடாதீர்கள். ஓர் ஊரில் 9:30க்குத் தொடங்குவார்கள், இன்னோர் ஊரில் மதியம் 2 மணிக்கு. தொடக்கத்திலிருந்து எவ்வளவு ஆயிற்று என்று போடுங்கள். டீ 1:25ல், மூவர் குழு 1:40ல், இப்படி. பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் விட்டால் ட்ரெய்னர் தன் கடிகார நேரத்தைப் பேனாவால் எழுதிக்கொள்வார்.

இந்தக் கணக்கில் இழுத்துக்கொள்ள இடமே இல்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். அதனால் பின்தங்கினால் எதை விடுவது என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். "1:25ல் டீக்கு விட முடியாமல் 10 நிமிடம் பின்தங்கி இருந்தால், எதிர்ப்பு பகுதியில் வரும் வீடியோவை விடவும்" என்ற அளவுக்குத் திட்டவட்டமாக. எழுதாவிட்டால் ட்ரெய்னர் கடைசியில் இருப்பதைத்தான் வெட்டுவார். கடைசியில் இருப்பது அவரவர் திட்டம்.

மணல்கடிகாரம் (செவ்வாய்)

52 நிமிஷம் ஒரே ஆக்டிவிட்டிக்கா? எனக்கு ஒப்புதல் இல்லை. கவனிப்பவர் என்ற வேடத்தை எடுத்துவிட்டு இருவர் குழுவாக வைத்தால் இரண்டு சுற்றுதான். ஒரு சுற்று 11, அடுத்தது 10, ஆக 21. அறிவிப்பு 5, உட்கார 2, டீப்ரீஃப் 10. மொத்தம் 38. மிச்சமாகும் 14 நிமிடத்தை அவரவர் திட்டத்துக்குக் கொடுக்கலாம். மேலும், மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருப்பவர் நேருக்கு நேர் குறை சொல்லத் தயங்குவார். "நல்லா பண்ணீங்க" என்பதோடு நிறுத்திவிடுவார். அவருக்குக் கொடுத்த நிமிடங்கள் வீண்.

கரும்பலகை (செவ்வாய்)

தயங்குவார் என்பது உண்மை. கருத்துச் சொல்லும் வேலையைக் கொடுத்தால் தயங்கத்தான் செய்வார். நான் அவருக்கு எழுதும் வேலையை மட்டும் கொடுப்பேன். கவனிப்புத் தாளில் மூன்றே வரி. எப்போது, எங்கே நடந்தது என்று சொன்ன வார்த்தைகள். கேமரா வைத்திருந்தால் அதில் பதிவாகியிருக்கக்கூடியதாகச் சொன்ன வார்த்தைகள். அதனால் என்ன ஆயிற்று என்று சொன்ன வார்த்தைகள். கேட்டதை அப்படியே எழுத வேண்டும், கேட்காவிட்டால் கோடு போட வேண்டும். நேரம் வந்ததும் எழுதியதை வாசித்துக் காட்டுவதுதான் அவர் வேலை. நல்லது கெட்டது சொல்ல வேண்டியதில்லை. "நடத்தை" வரியில் "நீங்க கொஞ்சம் பொறுப்பில்லாம இருக்கீங்க" என்று தன் வார்த்தையே எழுதப்பட்டிருப்பதைக் கேட்கும்போது கொடுத்தவருக்குத் தானாகவே உறைக்கும். கேமராவில் பொறுப்பின்மை பதிவாகாது அல்லவா.

இருவர் குழுவில் அது கிடைக்காது. பெறுபவருக்குத் தனக்கு எப்படி இருந்தது என்பதுதான் நினைவிருக்கும், சரியாக என்ன சொன்னார் என்பது இருக்காது.

மணல்கடிகாரம் (புதன்)

எழுதும் வேலை என்றால் சரி, அது வேறு. ஆனாலும் நேரம் 180 நிமிடத்துக்குள் சுருங்கினால் நான் இருவர் குழுவுக்குத்தான் போவேன். கைடில் இரண்டையும் கொடுத்துவிட்டு, எந்த நிலையில் எது என்று குறித்துவிடுங்கள்.

இன்னொன்று, பெறுபவருக்கும் அட்டை வேண்டும். டெக்குகளில் பெரும்பாலும் கொடுப்பவருக்கு மட்டுமே சூழ்நிலை இருக்கும். பெறுபவர் என்ன செய்வது என்று தெரியாமல் ஒன்று உடனே "சரி சார், இனிமே பார்த்துக்கிறேன்" என்று முடித்துவிடுவார், அல்லது சினிமா வில்லன் போல எகிறுவார். இரண்டிலும் பயிற்சி நடக்காது. எடுத்துக்காட்டுக்கு ஒரு ஜோடி:

கொடுப்பவர் அட்டை: "திங்கள் காலை 10 மணிக்கு கிளையன்ட் கால். ஸ்டேட்டஸ் மெயில் 9:30க்குள் வர வேண்டும். நேற்று 11:20க்கு வந்தது. இதற்கு முந்தைய திங்களும் தாமதம். காலில் கிளையன்ட் எண்ணிக்கை கேட்டபோது உங்களிடம் பதில் இல்லை."

பெறுபவர் அட்டை: "இடைமறிக்காமல் முழுவதும் கேளுங்கள். பிறகு 'வேலையெல்லாம் முடிச்சிட்டுத்தான் இருக்கேன்' என்று சொல்லுங்கள். காரணத்தை நீங்களாகச் சொல்ல வேண்டாம். அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: மெயிலுக்கு வேண்டிய எண்கள் இன்னொரு டீமிலிருந்து 11 மணிக்குத்தான் வருகின்றன."

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம். கொடுப்பவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்காவிட்டால் கடைசி வரை தெரியாது. சுற்று முடிந்ததும் பெறுபவர் தன் அட்டையைக் காட்ட வேண்டும் என்று கைடில் எழுதுங்கள். சூழல், நடத்தை, தாக்கம் முறையை உருவாக்கிய சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்பே பிறகு நோக்கத்தைக் கேட்பதை நான்காவதாகச் சேர்த்தது. உங்கள் டெக்கில் மூன்றுதான் இருக்கிறது என்றால் இந்த அட்டை அந்த ஓட்டையை அடைத்துவிடும்.

ஓசூர்_ஷிஃப்ட் (புதன்)

இழையைக் கடத்துறேன்னு நினைக்காதீங்க. எங்களுக்கும் இதே தலைப்புதான், ஆனா லைன் சூப்பர்வைசர்கள். 45 பேர், ரெண்டு ஷிஃப்டுக்கு நடுவுல 90 நிமிஷம். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்து பேசுவாங்க. எழுதறதுன்னாலே பாதிப் பேர் பேனாவைக் கீழே வச்சிடுவாங்க. இந்தக் கவனிப்புத் தாள் எங்களுக்கு எப்படி ஆகும்? 52 நிமிஷத்தை 30 ஆக்க முடியுமா?

கரும்பலகை (புதன்)

30 ஆக்க முடியாது. சுற்றைச் சுருக்கினால் பேச்சு 2 நிமிடமாகிவிடும், யாரும் எதையும் பழக மாட்டார்கள். உங்களுக்கு 90 நிமிடம் என்றால் மூவர் குழு ஆக்டிவிட்டியை மட்டுமே வைத்து, விளக்கத்துக்கு 20, கடைசியில் அவரவர் திட்டத்துக்கு 10 என்று விடுங்கள். 82 ஆகும், 8 நிமிடம் கையிருப்பு. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதுதான்.

தாளுக்குப் பதில் விரல். கவனிப்பவர் மூன்று விரலை நீட்டி வைத்திருப்பார். எப்போது, எங்கே என்று கேட்டதும் ஒன்று மடக்குவார், கண்ணால் பார்த்ததைச் சொன்னதும் ஒன்று, அதனால் என்ன ஆயிற்று என்று சொன்னதும் ஒன்று. பேச்சு முடியும்போது நீண்டிருக்கும் விரலைப் பார்த்தாலே எது விட்டுப்போயிற்று என்று தெரியும். எந்த மொழியிலும் நடக்கும். குழுவை மொழி பார்த்துச் சேருங்கள். சூழ்நிலையை அட்டையில் எழுதாமல் ட்ரெய்னர் வாயால் சொல்லட்டும். 15 குழுவை ஒரே ட்ரெய்னரால் சுற்றிப் பார்க்க முடியாது, இரண்டாவது ஆள் வேண்டும்.

மைக்_டெஸ்டிங் (புதன்)

டிஸ்கஷன் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலயே. என் கருத்து: கேள்வி மட்டும் கொடுங்க, எதிர்பார்க்கிற பதில் எழுதாதீங்க. எழுதினா ட்ரெய்னர் அந்தப் பதில் வர்ற வரைக்கும் "வேற யாராவது? வேற யாராவது?"ன்னு கேட்டுக்கிட்டே நிப்பார். பங்கேற்கிறவங்களும் ஸ்கூல் மாதிரி சரியான பதிலைத் தேட ஆரம்பிச்சிடுவாங்க.

கரும்பலகை (வியாழன்)

இது நியாயமான எச்சரிக்கை. ஆனாலும் தலைப்பில் ஆழமில்லாத ட்ரெய்னருக்கு வெறும் கேள்வி போதாது. அறையில் வரும் பதில் சரியான திசையில் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாமல் "நல்ல பாயின்ட்" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் எழுதுவது எதிர்பார்க்கும் பதிலை அல்ல. காதில் விழக்கூடிய இரண்டு மூன்று வகைப் பதிலையும், ஒவ்வொன்றுக்கும் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வியையும் எழுதுவேன்.

எண்ணிக்கை நேரத்திலிருந்து வரும். 12 நிமிட டீப்ரீஃபில் ஒரு கேள்விக்கு 3 நிமிடம் என்றால் நான்கு கேள்வி. ஒரு கேள்விக்கு மூன்று பேர் பேசினால் அந்த 3 நிமிடம் முடிந்துவிடும். "ஒவ்வொரு குழுவும் பகிருங்கள்" என்று எழுதினால், குழுவுக்கு 2 நிமிடம் வீதம் எட்டுக் குழுவுக்கு 16 நிமிடம். ஐந்தாவது குழு பேசும்போதே எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள்.

உங்கள் டெக்கில் இருக்கும் "எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு "நல்லா இருந்துச்சு" என்ற பதில்தான் வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். வரிசை இப்படிப் போகட்டும். முதலில் காதில் விழுந்தது, பிறகு மனதில் பட்டது, பிறகு அதன் பொருள், கடைசியாக இனி செய்யப்போவது.

முதல் கேள்வி கவனித்தவர்களுக்கு மட்டும்: "உங்க தாள்ல எழுதின ஒரு வாக்கியத்தை, பேர் சொல்லாம, அப்படியே வாசிங்க." ட்ரெய்னர் அதை ஃப்ளிப் சார்ட்டில் எழுத வேண்டும். மூன்று வாக்கியம் போதும்.

இரண்டாவது பெற்றவர்களுக்கு: "எந்த இடத்துல பதிலுக்குப் பேசணும்னு தோணுச்சு?" யாரும் பேசாவிட்டால் "கையைத் தூக்கினா போதும், தோணுச்சா இல்லையா?" என்று கேட்கலாம். "எதுவுமே தோணல" என்று வந்தால் "எந்த வார்த்தை அப்படி இருக்க உதவுச்சு?" என்று கேட்கலாம்.

மூன்றாவது எல்லோருக்கும், ஃப்ளிப் சார்ட்டைக் காட்டி: "இந்த மூணுல எதை வாங்கிக்கறது சுலபம்? ஏன்?" இங்கே ஒருவர் நிச்சயம் "எல்லாம் சொல்ற டோன்லதான் இருக்கு" என்பார். மறுக்க வேண்டாம். "அதே டோன்ல முதல் வாக்கியத்தையும் மூணாவதையும் சொல்லிக் காட்டுங்க" என்று அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

நான்காவது: "இந்த வாரம் யார்கிட்ட, எந்த விஷயத்தை, எந்த நாள்ல பேசப்போறீங்க?" இதை வாயால் கேட்காமல் ஒரு நிமிடம் எழுதச் சொல்லிவிட்டு இரண்டு பேரிடம் மட்டும் கேட்கலாம். நபரின் பெயரை அறையில் சொல்ல வேண்டாம் என்று சேர்த்து எழுதுங்கள். ஒரே அலுவலகத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

மைக்_டெஸ்டிங் (வியாழன்)

இந்த மாதிரி எழுதினா ஒத்துக்கலாம். ஆனா புது ட்ரெய்னர் இதையும் மனப்பாடம் பண்ணிட்டு வருவார்னு எனக்கு இன்னும் பயம் இருக்கு.

ஸ்லைடு_சோர்ட்டர் (வியாழன்)

ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். கைடுல "ஸ்லைடு 22"ன்னு நம்பரை மட்டும் போடாதீங்க. நடுவுல யாராவது ஒரு ஸ்லைடு சேர்த்தா அதுக்குப் பிறகு எல்லா நம்பரும் தப்பாயிடும், ஆறு ட்ரெய்னரும் தப்பான ஸ்லைடைத் தேடுவாங்க. ஸ்லைடோட தலைப்பையும் சேர்த்துப் போடுங்க. ஆக்டிவிட்டிக்கு ப1, ப2ன்னு தனிக் குறி கொடுத்து அதை ஸ்லைடு மூலையிலயும் போட்டுட்டா நம்பர் மாறினாலும் பிரச்சினை இல்ல. நான் மேல சொன்ன `Paste link`, கோப்பை மெயில்ல அனுப்பினா வேலை செய்யாது, அதையும் சொல்லிடறேன். ட்ரெய்னர் கம்ப்யூட்டர்ல டெக் அதே ஃபோல்டர்ல இருக்காது.

புதுப்பேனா (அடுத்த செவ்வாய்)

நேத்து பைலட் முடிஞ்சது. டெக்கையே பார்க்காத ஒரு ட்ரெய்னர்கிட்ட கைடை முந்தின நாள் கொடுத்தோம். நான் பின்னால ஸ்டாப்வாட்ச்சோட உட்கார்ந்து, எதுவும் சொல்லாம ஒவ்வொரு பாகமும் எப்போ ஆரம்பிச்சு எப்போ முடிஞ்சதுன்னு மட்டும் எழுதினேன்.

மூவர் குழு மொத்தம் சரியா 52 நிமிஷம். சந்தோஷப்பட்டுட்டு உள்ளே பார்த்தா அறிவிப்பு 5க்குப் பதில் 8, உட்கார 3, சுற்றுகள் 32க்குப் பதில் 34, டீப்ரீஃப் 12க்குப் பதில் 7. மேல போன 5 நிமிஷத்தையும் டீப்ரீஃப்ல வெட்டியிருக்கார். மூணாவது, நாலாவது கேள்வி வரவே இல்ல.

அறிவிப்பு ஏன் நீண்டதுன்னா, நான் கைடுல "அட்டைகளைக் கொடுத்து விளக்கவும்"னு எழுதியிருந்தேன். அட்டை கைக்கு வந்ததும் எல்லாரும் படிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அவர் சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டியதாயிடுச்சு. இன்னொண்ணு, 22 பேர்தான் வந்தாங்க. மீதி ஒருத்தரை எங்க சேர்க்கறதுன்னு ட்ரெய்னர் தடுமாறி, தானே ஒரு குழுவில கவனிப்பவரா உட்கார்ந்துட்டார். அப்புறம் நேரம் பார்க்க ஆளில்ல.

மணல்கடிகாரம் (செவ்வாய்)

ட்ரெய்னர் எந்தக் குழுவிலும் உட்காரக் கூடாது என்று எழுதியே விடுங்கள். ஒருவர் மீதி என்றால் ஒரு மூவர் குழுவைக் கலைத்து அவரையும் சேர்த்து இரண்டு இருவர் குழு. இருவர் மீதி என்றால் ஓர் இருவர் குழு. அவர்கள் மூன்றாவது சுற்றில் வேறு அட்டையை எடுத்து இன்னொரு முறை செய்யட்டும்.

டீப்ரீஃபுக்கு எவ்வளவு நேரம் என்று எழுதியது போதவில்லை. எப்போது தொடங்க வேண்டும் என்றும் எழுதுங்கள். மூவர் குழு 1:40ல் தொடங்கினால் டீப்ரீஃப் 2:20. மூன்றாவது சுற்றின் பேச்சு முடியும்போது நேரம் கடந்திருந்தால் அந்தச் சுற்றின் கருத்து நேரத்தை 4லிருந்து 2 ஆக்க வேண்டும். வெட்டுவது அங்கேதான், டீப்ரீஃபில் இல்லை.

அட்டை பற்றி: முதலில் குழுவாக உட்காரச் சொல்லிவிட்டு, பிறகு விளக்கி, அட்டையைக் கடைசியில் கொடுப்பது என் வழக்கம்.

கரும்பலகை (செவ்வாய்)

அட்டை கடைசியில் என்பதில் மறுப்பில்லை. குழுவுக்கு முன்பா பின்பா என்பதில் எனக்கு வேறு கருத்து. குழுவாக உட்கார்ந்ததும் ஆட்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள், அதற்கு மேல் குரல் எழுப்பி விளக்க வேண்டியிருக்கும். நான் விளக்கிவிட்டுத்தான் பிரிப்பேன். புதுப்பேனா, அடுத்த இரண்டு பேட்சில் ஒன்றில் அப்படியும் ஒன்றில் இப்படியும் வைத்து நேரம் பாருங்கள்.

புதுப்பேனா (புதன்)

சரி சார், அப்படியே செய்யறேன். திருத்தின பக்கம் இது. மேசைக்கு ஆறு பேர்னு போட்டிருக்கறதால இப்போதைக்குக் குழு முதல்ல வருது.

ப4. மூவர் குழு. ஸ்லைடு: "பேசிப் பழகுவோம்". தொடக்கம் 1:40, முடிவு 2:32. கடிகார நேரம்: ______

பொருள்கள்: சூழ்நிலை மூன்று, ஒவ்வொன்றுக்கும் கொடுப்பவர், பெறுபவர் அட்டை, குழுவுக்கு ஆறு வீதம் 48 அட்டை. கவனிப்புத் தாள் 8. ஒலி எழுப்பும் டைமர்.

1:40 குழு பிரிப்பு. மீதி ஒருவர் என்றால் இரண்டு இருவர் குழு, மீதி இருவர் என்றால் ஓர் இருவர் குழு. நீங்கள் எந்தக் குழுவிலும் சேர வேண்டாம்.

1:43 அப்படியே சொல்லவும்: "மூணு சுற்று. ஒவ்வொரு சுற்றுலயும் ஒருத்தர் கொடுப்பார், ஒருத்தர் பெறுவார், ஒருத்தர் எழுதுவார். எழுதறவர் கேட்ட வார்த்தையை மட்டும் எழுதணும், கருத்துச் சொல்ல வேண்டாம். முதல் மணிக்குப் பேச ஆரம்பிங்க, ரெண்டாவது மணிக்கு நிறுத்துங்க. பேச்சு பாதியில இருந்தாலும் நிறுத்துங்க." பிறகு ஒருவரிடம்: "எழுதறவர் வேலை என்னன்னு ஒருமுறை சொல்லுங்க." சரியாக வந்த பிறகே அட்டை.

1:48 சுற்று 1. 1:59 சுற்று 2. 2:10 சுற்று 3. மூன்றாம் சுற்றுப் பேச்சு 2:16க்கு மேல் போனால் கருத்து நேரம் 2 நிமிடம்.

2:20 டீப்ரீஃப். இதைத் தள்ள வேண்டாம்.

ஓசூர்_ஷிஃப்ட் (புதன்)

பொருள்கள் வரியைப் பாருங்க. கவனிப்புத் தாள் 8 பத்தாது. ஒவ்வொரு சுற்றுலயும் வேற ஆள் எழுதறார், டீப்ரீஃப்ல முதல் கேள்வியே அந்தத் தாளை வாசிக்கச் சொல்லுது. குழுவுக்கு ஒரே தாள்னா மூணு பேர் எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு விழும், யார் எந்தச் சுற்றுல எழுதினதுன்னு தெரியாது. ஆளுக்கு ஒண்ணுன்னு 24, கெட்டுப்போனா மாத்த ஒரு நாலு, ஆக 28 அடிச்சுக்கோங்க.